பால் கறக்கும் மெசின் வாங்க முன்: யாழ்ப்பாணத்துச் சிறு பண்ணையாளர்களின் கேள்விகள்

எங்களிடம் ஆறு கறவை மாடுகள் நிற்கின்றன. ஒற்றை வாளி மெசின் போதுமா, இரட்டை வாளி வேண்டுமா?

ஒற்றை போதும். கோப்பாயில் ஆறு ஜேர்சிக் கலப்பு மாடுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தக் கணக்கை அவர்களுடைய கொட்டிலில் வைத்தே போட்டுப் பார்த்தோம். காலைக் கறவை 30 லீற்றர் அளவில், மாலையில் அதைவிடக் குறைவு. ஒரு மாட்டின் மடியைத் துடைத்து, முதல் பீச்சல் பாலை எடுத்துப் பார்த்து, காம்பை உலர்த்த ஒன்றரை நிமிடம் அளவில் போகும். மெசின் மாட்டில் நிற்பது ஐந்தாறு நிமிடம். கழற்றி, காம்பை அயடின் மருந்தில் தோய்த்து, அடுத்த மாட்டுக்கு நகர இன்னும் ஒரு நிமிடம். மாட்டுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால் ஆறுக்கும் 48 நிமிடம். ஐந்தரைக்குத் தொடங்கினால் ஆறேகாலுக்குப் பிறகு கறவை முடிந்துவிடும், பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போக நேரம் மிச்சம் இருக்கும்.

கிளஸ்ரர் என்பது ஒரு மாட்டின் நான்கு காம்பிலும் பூட்டும் நான்கு கிண்ணங்களின் தொகுதி. இரண்டு கிளஸ்ரர் வைத்தால் அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம்தான். ஆனால் மிச்சம் பிடித்த அந்த நேரத்தில் பாதி, கிண்ணத்துக்குள் காம்பைப் பிடிக்கும் உறையான லைனர் நான்குக்குப் பதிலாக எட்டைக் கழுவுவதில் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே ஆள் இரண்டு மாட்டைப் பார்க்கும்போது, ஒரு மாட்டில் பால் நின்ற பிறகும் மெசின் இழுத்துக்கொண்டே இருக்கும். வெறுங்காம்பை இழுத்தால் காம்பு நுனி தடித்து வெடிக்கும், மடிநோய்க்கு அதுவே வழி. பத்து மாட்டுக்கு மேல் போனாலோ, கறவைக்கு எப்போதும் இரண்டு பேர் நிற்பதாக இருந்தாலோ இரட்டைக்குப் போங்கள்.

கோப்பாய்க்காரருக்கு நான் சொன்னது இதுதான்: இரண்டு கிளஸ்ரரைத் தாங்கும் பம்ப், அதில் இப்போதைக்கு ஒரு கிளஸ்ரர், 25 லீற்றர் வாளி இரண்டு. ஒரு வாளி நிரம்ப முன் மூடியை மற்ற வாளிக்கு மாற்றிவிடலாம். வாளியை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். 20 லீற்றரில் நிறுத்தினால் பால் நுரைத்து வக்கியூம் குழாய்க்குள் ஏறாது, தூக்குகிறவரின் இடுப்புக்கும் நல்லது.

ஒருவர் ஒரு குதிரை வலு மோட்டர் என்கிறார், மற்றவர் முக்கால் என்கிறார். எது பலமானது?

குதிரை வலுவை வைத்துப் பம்பை அளக்க முடியாது. கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றை இழுக்கும் என்பது. அதையும் 50 கிலோபாஸ்கல் வக்கியூமில் எவ்வளவு என்று கேளுங்கள். வாய் திறந்த நிலையில் அளந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பவர்கள் உண்டு. ஒரு கிளஸ்ரருக்கு 200 லீற்றர் அளவிலும், இரண்டுக்கு 250 முதல் 300 வரையிலும் இருந்தால் பம்ப் திணறாமல் ஓடும்.

எண்ணை நம்பாமல் கடையிலேயே பார்த்துவிடலாம். நான்கு கிண்ணங்களின் வாயையும் அடைப்பானால் மூடி மெசினை ஓட விடுங்கள். மானியின் முள் 42 கிலோபாஸ்கல் அளவில் நிற்கட்டும். சில மானியில் அங்குலக் கணக்குத்தான் இருக்கும், அதில் பன்னிரண்டரைக்குக் கிட்ட. இப்போது ஒரு கிண்ணத்தின் அடைப்பானை மட்டும் எடுத்துக் காற்றை உள்ளே விடுங்கள். மாடு உதைத்து ஒரு கிண்ணம் கழன்றால் நடப்பது இதுவே. முள் 2 கிலோபாஸ்கலுக்குள் இறங்கி நின்று, திரும்ப அடைத்ததும் இரண்டு மூன்று நொடியில் பழைய இடத்துக்கு வந்தால் பம்ப் போதும். சரசரவென்று விழுந்தால், ஒரு கிண்ணம் கழரும்போது மற்ற மூன்று காம்பிலும் பிடி தளரும். அந்த நேரத்தில் பால் துளிகள் பின்னோக்கிக் காம்பு நுனியில் அடிக்கும், ஒரு காம்பின் கிருமி அடுத்த காம்புக்குப் போகும்.

வக்கியூமை ஒரே அளவில் வைத்திருக்கும் றெகுலேற்றரில் காதை வையுங்கள். சாதாரணமாக ஓடும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே எடுக்கும் சத்தம் வரவேண்டும். அந்தச் சத்தம் பம்பில் மிச்ச வலு இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சீக்கிரம் கறக்கட்டும் என்று வக்கியூமை 50க்கு மேல் ஏற்றச் சொல்லி யாராவது அறிவுரை தந்தால் கேட்காதீர்கள். நேரம் பெரிதாகக் குறையாது, காம்புதான் நோகும்.

இணையத்தில் சின்ன மெசின் பாதி விலைக்கும் குறைவாக வருகிறது. இரண்டு மாட்டுக்கு அது காணாதா?

அதில் பல்சேற்றர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கன்று ஊட்டும்போது உறிஞ்சும், விடும், உறிஞ்சும். மெசினில் அந்த விடுகிற வேலையைச் செய்வது பல்சேற்றர். கிண்ணத்துக்கும் லைனருக்கும் நடுவே காற்றை மாறிமாறி விட்டு, லைனரைத் திறக்கவும் காம்பைச் சுற்றி மூடவும் வைக்கிறது. மூடும் நேரத்தில் காம்பு நுனியில் தேங்கிய இரத்தம் மேலே திரும்பிப் போகும். சில மலிவு மெசின்களில் இது இல்லவே இல்லை, ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டு கிழமையில் காம்பு நீலம் பாரித்து, நுனி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

வாங்க முன் ஒரு கிண்ணத்துக்குள் பெருவிரலை விட்டுப் பாருங்கள், மற்ற மூன்றும் அடைத்திருக்கட்டும். லைனர் விரலைப் பிடித்து விடுவது தெளிவாகத் தெரியவேண்டும். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு 60 அளவில் வரும். பிடி மெல்லியதாகவோ ஒழுங்கில்லாமலோ இருந்தால், அல்லது ஒரே இழுவையாக இருந்தால், அந்த மெசின் உங்கள் மாட்டுக்கு வேண்டாம். பிஸ்ரன் வகை மெசின்கள் சிலவற்றில் தனிப் பல்சேற்றர் இல்லாமல் பிஸ்ரனின் அசைவே அந்த வேலையைச் செய்யும். இரண்டு மூன்று மாட்டுக்கு அவை பரவாயில்லை, பெருவிரல் சோதனையில் தேறினால்.

ஒயில் பம்பா, ஒயில் இல்லாத பம்பா?

நாள்தோறும் ஒயில் மட்டம் பார்க்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் ஒயில் பம்ப். சூட்டைத் தாங்கும், நீண்ட காலம் உழைக்கும். புகைக்குழாயைக் கொட்டிலுக்கு வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒயில் ஆவி பால் வாளிக்கு மேலேயே சுற்றும். ஒயில் இல்லாத பம்பில் கரித் தகடுகள் தேயும். தூசு போனாலும் தண்ணீர் போனாலும் அவை உடையும். அந்தத் தகடு இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

லைனர் இறப்பரில் வாங்குவதா சிலிக்கனில் வாங்குவதா? எப்போது மாற்றுவது?

மாட்டின் உடம்பைத் தொடும் ஒரே பாகம் லைனர்தான். எந்த மெசின் என்று தீர்மானிக்கத் தெரியாமல் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது, லைனரில் இருந்து பின்னோக்கித் தெரிவு செய்யுங்கள் என்பதே. யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டிய இடத்தில் எந்த லைனர் கிடைக்கிறதோ, அது பொருந்தும் மெசினை வாங்குங்கள்.

இறப்பர் லைனருக்குப் பொதுவான கணக்கு 2500 கறவை. ஆறு மாட்டை ஒரே கிளஸ்ரரில் இரண்டு நேரம் கறந்தால் நாளுக்கு 12 கறவை, 208 நாளில் 2500 வந்துவிடும். ஏழு மாதம் வரும் போலத் தெரிந்தாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள். கறக்காத நேரத்திலும் பால் கொழுப்பும் கழுவும் மருந்தும் இறப்பரைத் தின்றுகொண்டுதான் இருக்கும். பத்து மாடு என்றால் 125 நாள், அதாவது நான்கு மாதம். மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்றவேண்டும். ஒன்று புதிது மூன்று பழையது என்றால் நான்கு காம்பும் நான்கு விதமாகக் கறக்கும்.

பழசாகிவிட்டது என்பதை எப்படி அறிவது? லைனரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக நசிந்திருக்கும். விரலை உள்ளே விட்டுத் தேய்த்தால் சொரசொரப்பாக இருக்கும், விரல் கறுப்பாக வரும். மாட்டிலும் தெரியும்: முன்பு ஐந்து நிமிடத்தில் முடிந்த மாடு ஏழு எடுக்கும், கழற்றிய பிறகு கையால் பிழிந்தால் பால் வரும்.

சிலிக்கன் இறப்பரைவிட அதிக காலம் நிற்கும், சூட்டுக்கும் மருந்துக்கும் அசையாது. ஆனால் நகமோ கூரான பிறஷோ பட்டு ஒரு சிறு கீறல் விழுந்தால் அங்கிருந்து கிழியும். கிழிந்த லைனர் வழியாகப் பால் காற்றுக் குழாய்க்குள் போகும், பிறகு பல்சேற்றர் அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளோ வேலையாளோ கழுவும் வீடு என்றால் இறப்பரே நல்லது என்பது என் எண்ணம்.

அளவும் முக்கியம். பெரிய பிறீசியன் மாட்டுக்குச் செய்த அகல வாய் லைனர், எங்கள் ஊர்க் கலப்பு மாட்டின் சிறிய காம்பில் நிற்காது. ‘கீச் கீச்’ என்று காற்றை இழுக்கும், இல்லாவிட்டால் காம்பில் மேலே ஏறி மடியின் அடியைப் பிடித்துக்கொள்ளும். கழற்றியதும் காம்பின் மேற்பகுதியில் வளையம் போலத் தடம் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கடைக்குப் போக முன் உங்கள் மாடுகளின் காம்புக் கனத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கழுவ வசதியான மெசின் என்று எதைப் பார்த்துச் சொல்வது?

நான்கு காம்பின் பாலும் வந்து சேரும் கிளஸ்ரரின் நடுக் கிண்ணத்தைச் சாவி, ஸ்குறூ டிறைவர் இல்லாமல் கையால் கழற்ற முடியவேண்டும். அதன் அடி தெளிவான பிளாஸ்ரிக்காக இருந்தால் பால் வருவதும் தெரியும், அழுக்கும் தெரியும். வாளி ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாக இருக்கட்டும், வாய் முழங்கை வரை கை போகும் அளவுக்கு அகலமாக. உள்ளே கையை விட்டு ஒட்டு வைத்த இடங்களைத் தடவுங்கள். விரலில் தட்டுப்படும் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பால் தங்கும். அலுமினிய வாளி விலை குறைவு, ஆனால் காரமான கழுவும் மருந்து அதை அரித்து உள்ளே புள்ளி புள்ளியாக்கும்.

பால் குழாய் மலிவு பிளாஸ்ரிக் என்றால் சில மாதத்தில் விறைத்து மஞ்சளாகும். வக்கியூம் தாங்கியின் அடியில் தண்ணீர் விடும் வழி இருக்கவேண்டும். அதைத் திறந்து பார்க்கும்போது புளித்த வாடை வந்தால் எங்கேயோ லைனர் கிழிந்திருக்கிறது, அல்லது வாளி நிரம்பிப் பால் ஏறியிருக்கிறது.

எவ்வளவு கழுவினாலும் வாளிக்குள் வெள்ளையாக ஏதோ படிகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா?

பெரும்பாலும் ஆம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல், அதற்குள் இருந்து வரும் கிணற்று நீர் வன்னீர். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், அங்கே படிந்திருப்பதே மெசினிலும் படிகிறது. பால் உப்பும் புரதமும் அதோடு சேர்ந்தால் பால்கல் ஆகும். உலர்ந்த வாளியின் உட்சுவரை நகத்தால் சுரண்டினால் மங்கலான மஞ்சள் வெள்ளைத் தூள் வரும். வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் அந்தப் படிவின் கீழ் கிருமி பாதுகாப்பாக இருக்கும், பால் சீக்கிரம் புளிக்கும்.

கழுவும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். கறந்து முடித்த கையோடு, பால் காய முன், பத்து லீற்றர் அளவு வெதுவெதுப்பான தண்ணீரை மெசினால் உறிஞ்ச விடுங்கள். முதல் தண்ணீரே கொதிநீராக இருந்தால் பால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு 60 முதல் 65 பாகைச் சூட்டில், பால் பாத்திரத்துக்கென்று விற்கும் காரக் கழுவும் மருந்தைப் பெட்டியில் போட்ட அளவுக்குக் கலந்து உறிஞ்ச விடுங்கள். கிண்ணங்களைத் தண்ணீருக்குள் விட்டும் வெளியே எடுத்தும் செய்யவேண்டும். காற்றும் தண்ணீரும் மாறிமாறிப் போகும்போதுதான் குழாயின் உட்சுவர் தேய்படும். தண்ணீர் 45 பாகைக்கு இறங்க முன் வெளியேற்றுங்கள், ஆறினால் கரைந்த கொழுப்பு திரும்பப் படியும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, லைனர் வாய் கீழே பார்க்கத் தொங்க விடுங்கள்.

மற்ற இடங்களில் அமில மருந்தால் கிழமைக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்பார்கள். எங்கள் தண்ணீருக்கு இரண்டு முறை செய்யுங்கள். கார மருந்தின் அளவையும் வன்னீருக்கென்று பெட்டியில் போட்டபடி பாருங்கள், மென்னீருக்கான அளவு இங்கே வேலை செய்யாது. சுத்தமான தொட்டியில் மழைநீர் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைக் கார மருந்து கலக்கப் பயன்படுத்தலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. அமில மருந்தையும் குளோரீன் சேர்ந்த மருந்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், வரும் வாயு நஞ்சு. உடுப்புத் தோய்க்கும் பவுடர் வேண்டாம், நுரை பம்புக்குள் போகும், வாசனை பாலில் நிற்கும்.

கன்று விடாமல் எங்கள் மாடு பால் இறக்காது. மெசின் சரிவருமா?

சரிவரும், அவசரப்படக் கூடாது. சாகிவால் கலந்த மாடுகளில் இந்தப் பழக்கம் பலமாக இருக்கும். கன்றைச் சிறிது நேரம் ஊட்ட விட்டுப் பிரித்துக் கட்டுங்கள். தாய் பார்க்கும் இடத்தில் நிற்கட்டும். கன்றின் எச்சிலைத் துடைத்து உலர்த்தி, பால் இறங்கியதும் தாமதியாமல் மெசினைப் பூட்டுங்கள். பால் இறக்கும் சுரப்பு சில நிமிடம்தான் நிற்கும், அதற்குள் கறவை முடியவேண்டும். வாங்கிய முதல் சில நாள் மெசினை மாட்டில் பூட்டாமல், தீன் போடும் நேரத்தில் பக்கத்தில் ஓட மட்டும் விடுங்கள். சத்தம் பழகிய மாடு உதைக்காது.

கரண்ட் போனால் என்ன செய்வது?

கையால் கறக்கும் பழக்கத்தை விடாதீர்கள், முதல் விடை அதுதான். ஜெனறேற்றர் வைப்பதென்றால் மோட்டரின் எண்ணுக்குச் சமமாக வாங்காதீர்கள். மோட்டர் ஓடத் தொடங்கும்போது பல மடங்கு இழுக்கும். 0.75 கிலோவாற் மோட்டருக்கு மூன்று கிலோவாற் அளவில் ஜெனறேற்றர் வேண்டும். வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பும் மெசின் என்றால் மோட்டர்த் தகட்டில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

எர்த் கம்பியும் ட்றிப் சுவிச்சும் இல்லாமல் பூட்ட வேண்டாம். மாடு ஈரக் கொங்கிறீற்றில் வெறுங்காலில் நிற்கிறது. எங்களுக்கு உறைக்காத ஒன்றிரண்டு வோல்ற் கசிவும் அதற்கு உறைக்கும். காரணம் தெரியாமல் மாடு கறவை இடத்துக்கு வர மறுத்தால் மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு இதைச் சோதியுங்கள்.

பாவித்த மெசின் ஒன்று வருகிறது. எடுக்கலாமா?

மேலே சொன்ன முள் சோதனையிலும் பெருவிரல் சோதனையிலும் தேறினால் எடுக்கலாம். லைனரும் குழாய்களும் முழுவதும் புதிதாகப் போடும் செலவைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கொழும்புக் கம்பனி ஒரு வருட உத்தரவாதம் தருகிறது, இங்கே உள்ள கடை எதுவும் எழுதித் தரவில்லை. யாரிடம் வாங்குவது?

உத்தரவாதக் கடதாசியை முழுவதும் வாசியுங்கள். பெரும்பாலும் இறப்பர்ப் பாகங்களும் எரிந்த மோட்டரும் அதற்குள் வராது. சிறு பண்ணையில் பழுதாவது பெரும்பாலும் அவைதான். மீதிக்கு உத்தரவாதம் இருந்தாலும், பழுது பார்க்கிறவர் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தாண்டி வரவேண்டும். மாடு அதுவரை காத்திருக்காது, ஒரு நேரம் கறவை தவறினால் மடி கட்டும்.

அதனால் விற்பவரிடம் நான்கு பொருளைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: லைனர் ஒரு தொகுதி, பல்சேற்றரின் உள் இறப்பர்த் தகடு, மூடியின் வளையம், பம்பின் தகடுகள். ‘எடுத்துத் தருவோம்’ என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள், தட்டில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஒவ்வொன்றின் மாதிரி எண்ணையும் விலையையும் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அந்த எண் இருந்தால் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் சரியான பாகம் வரும். எண் இல்லாவிட்டால் ‘கிட்டத்தட்டப் பொருந்தும்’ லைனர் ஒன்று வரும். நீளம் கொஞ்சம் மாறினாலும் கிண்ணத்துக்குள் அதன் இழுவிசை மாறி, திறந்து மூடுவது கெட்டுவிடும்.

அடுத்தது, பழுது பார்க்கும் ஆளின் தொலைபேசி எண்ணை வாங்கி, வாங்க முன்பே ஒருமுறை கூப்பிடுங்கள். அவர் ஏற்கெனவே வலிகாமத்திலோ வடமராட்சியிலோ பூட்டிக் கொடுத்த ஒரு பண்ணையின் பெயரைக் கேட்டு, கறவை நேரத்தில் அங்கே போய்ப் பாருங்கள். ஓராண்டு ஓடிய மெசினை வைத்திருப்பவரிடம் ஒன்றை மட்டும் கேட்டால் போதும்: கடைசியாக லைனர் மாற்றியது எப்போது, அது எங்கே வாங்கியது? அதற்கு அவர் உடனே பதில் சொன்னால் அந்த விற்பனையாளரை நம்பலாம். ‘இன்னும் மாற்றவில்லை, கிடைக்கவில்லை’ என்றால் உங்களுக்கும் அதேதான் நடக்கும்.

கோப்பாய்க் குடும்பம் கடைசியில் இங்கே உள்ள கடையில்தான் எடுத்தது. விலை சற்றுக் கூட, ஆனால் லைனர் தட்டில் இருந்தது. மெசினோடு இரண்டு தொகுதி லைனர் மேலதிகமாக எடுத்தார்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றேன். இறப்பர் வைத்திருந்தாலும் முதிரும். அவற்றைக் கறுப்புப் பையில் சுற்றி வீட்டுக்குள் வைக்கவேண்டும், பம்ப் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. மோட்டரில் இருந்து வரும் ஓசோன் இறப்பரை வெடிக்க வைக்கும். பூட்ட வருகிறவரை அவர்கள் மத்தியானத்தில் வரவிடாமல் மாலைக் கறவைக்கு வரச்சொன்னார்கள். முதல் மாட்டில் லைனர் காற்று இழுத்தது, அவர் அங்கேயே சிறிய வாய் லைனருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.